மதியம் பளபளக்கிறது, கழுவினால் இழுக்கிறது: என் சருமம் எந்த வகை?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. மதியத்துக்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும். கடையில் 'ஆயிலி ஸ்கின்' என்று சொல்லி, நன்றாக நுரை வரும் ஃபேஸ் வாஷும் டோனரும் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை கழுவினேன். பளபளப்பு குறையவில்லை, கன்னம் மட்டும் இழுக்க ஆரம்பித்தது. பிறகு வெறும் முகத்தில் செய்யும் சோதனையைப் படித்துவிட்டு நானே செய்து பார்த்தேன். கழுவிப் பத்தே நிமிடத்தில் முகம் முழுக்க இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் வறண்ட சருமம்தான் என்று முடிவு செய்து, 'வறண்ட சருமத்துக்கு' என்று போட்டிருந்த கெட்டியான க்ரீமை வாங்கிப் பூசினேன். மூன்று வாரத்தில் நெற்றியிலும் தாடையிலும் பொரிப்பொரியாக வந்துவிட்டது. மூக்கின் இரண்டு ஓரத்திலும் செதில் வேறு உரிகிறது. தண்ணீரும் நிறையத்தான் குடிக்கிறேன். என் சருமம் எந்த வகை? மறுபடியும் 'ஆயில் ஃப்ரீ' பக்கமே போய்விடட்டுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: கடையில் சொன்னதும் முழுத் தவறு இல்லை, நீங்கள் கண்டுபிடித்ததும் முழுத் தவறு இல்லை. இரண்டுமே பாதி. சருமத்திடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். எண்ணெய் எவ்வளவு சுரக்கிறது என்பது ஒன்று. உள்ளே இருக்கும் ஈரத்தை மேல்தோல் எவ்வளவு நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. எண்ணெய் நிறையச் சுரக்கும் முகமே ஈரத்தைக் கோட்டைவிடவும் செய்யும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகத்தான் தெரிகிறது. கடைக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார், உங்கள் சோதனை இரண்டாவதற்கு மட்டும் சொன்னது. அதுவும் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொன்னது.

பத்து நிமிடத்தில் ஏன் முடிவு செய்யக் கூடாது

கழுவியவுடன் வரும் இறுக்கம் பெரும்பாலும் ஃபேஸ் வாஷைப் பற்றிய தகவல், சருமத்தைப் பற்றியது இல்லை. நன்றாக நுரைக்கும் பொருட்கள் பலவற்றில் இருக்கும் சுத்திகரிப்பான்கள், மேலே படிந்த எண்ணெயோடு சேர்த்து, மேல்தோலின் செல்களுக்கு நடுவே ஈரத்தைத் தடுத்து நிற்கும் கொழுப்பிலும் கொஞ்சத்தை எடுத்துவிடும். சாதாரண சோப்புக் கட்டியாக இருந்தால் அதன் பிஹெச் 9, 10 என்று இருக்கும். ஆரோக்கியமான சருமத்தின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மையில் இருக்கும். இந்தத் தாக்குதலுக்குப் பிறகு பத்து நிமிடத்தில் யாருடைய முகத்தைத் தொட்டாலும் இழுக்கத்தான் செய்யும்.

எண்ணெயின் கதை வேறு. கழுவிய முகத்தில் சீபம் என்கிற அந்தத் தோல் எண்ணெய் பழைய அளவுக்குத் திரும்ப மூன்று நான்கு மணி நேரம் கூட ஆகலாம். அதனால் பத்து நிமிடத்தில் நின்றுகொண்டு 'எண்ணெய் இல்லையே, அப்போ வறண்ட சருமம்தான்' என்றால், இன்னும் வராத ஆளுக்கு ஆப்சென்ட் போட்ட மாதிரி.

இதோடு இன்னொரு நம்பிக்கையையும் பார்த்துவிடலாம். 'அதிகம் கழுவினால் சருமம் பதிலுக்கு அதிகமாக எண்ணெய் சுரக்கும்' என்று பலரும் சொல்வார்கள். எண்ணெய்ச் சுரப்பிக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. அதை முக்கியமாக இயக்குவது ஹார்மோன்கள், கொஞ்சம் வெப்பநிலையும் கூட. நான்கு தடவை கழுவியதால் உங்களுக்கு எண்ணெய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. குறைந்தது கன்னத்தின் ஈரம் பிடிக்கும் திறன்தான். தண்ணீர் குடிப்பது உடம்புக்குத் தேவைதான், ஆனால் மேல்தோலின் வறட்சி குடிக்கிற தண்ணீரால் பெரிதாகச் சரியாகாது. உள்ளே வருவதைவிட வெளியே போவதுதான் அங்கே பிரச்சினை.

சோதனையை இந்தத் தடவை இப்படிச் செய்யுங்கள்

உடனே செய்ய வேண்டாம். முதலில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், முகத்துக்கு ஓய்வு கொடுங்கள். டோனர், ஸ்க்ரப், அமிலம் கலந்த சீரம் எல்லாம் நிறுத்தம். கெட்டியான அந்த க்ரீமும் முகத்துக்கு வேண்டாம், குதிகாலுக்கும் முழங்கைக்கும் பூசித் தீர்த்துவிடலாம். நுரை அதிகம் வராத மிதமான க்ளென்சரால் காலையும் இரவும் இரண்டு வேளை போதும். இடையில் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கன்னம் தாங்கவில்லை என்றால் அங்கே மட்டும் சாதாரண லோஷன் கொஞ்சம். வெயிலில் போனால் சன்ஸ்க்ரீனை விட வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தோடு இருக்கும் முகம்தான் இப்போதைக்கு உங்கள் முகம், அதையே சோதியுங்கள்.

சோதனைக்கு மூன்று மணி நேரம் வீட்டில் சும்மா இருக்கக்கூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். உடற்பயிற்சி முடித்த கையோடும் வெயிலிலிருந்து வந்த கையோடும் வேண்டாம், அடுப்புக்கு முன்னால் நிற்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். தோல் சூடானால் எண்ணெய் வேகமாக வெளியே வரும். மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் அடித்தால் இறுக்கம் கூடுதலாகத் தெரியும்.

வெதுவெதுப்பான நீரில் அதே மிதமான க்ளென்சரால் அரை நிமிடம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். அதன் பிறகு முகத்தில் எதுவும் போடக் கூடாது, கையும் வைக்கக் கூடாது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டியது இறுக்கத்தை மட்டும். நன்றாகச் சிரியுங்கள், வாயை அகலமாகத் திறங்கள், புருவத்தை உயர்த்துங்கள். எங்கே இழுக்கிறது? முகம் முழுக்கவா, கன்னம் மட்டுமா, வாயைச் சுற்றியா? எங்கேயும் இல்லையா? ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்றாவது மணி நேரத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

ஒரு மணி நேரம் ஆனதும் மெல்லிய, வாசனையோ லோஷனோ சேர்க்காத டிஷ்யூவை ஐந்து துண்டாகக் கிழித்து, நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று இடத்துக்கு ஒன்றாகப் பத்து விநாடி அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். துண்டுகளை உடனே பார்த்து முடிவு செய்யாமல் ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வியர்வையால் வந்த ஈரம் அதற்குள் காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய்க் கறை மட்டும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி நிற்கும். வியர்வையை எண்ணெய் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர், புழுக்கமான நாட்களில் இது ரொம்ப சகஜம்.

மூன்றாவது மணி நேரத்தில் புதுத் துண்டுகளோடு இதையே திரும்பச் செய்யுங்கள். பல குறிப்புகள் ஒரு மணி நேரத்தோடு முடித்துவிடும். மிகையாகச் சுரக்கும் முகத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும், ஆனால் உங்களைப் போல இடத்துக்கு இடம் மாறும் முகத்தில் மூன்றாவது மணி நேரத்துக் கறைதான் உண்மையைச் சொல்லும்.

சில நாட்கள் இடைவெளி விட்டு இன்னொரு தடவை செய்து, இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பலருக்கு எண்ணெய் கூடுதலாகத் தெரியும் என்பதால், இரண்டு சோதனையையும் அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிடைத்ததை எப்படிப் படிப்பது

உங்களுக்கு வரக்கூடியது மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அரை மணி நேரத்தில் எங்கேயுமே இறுக்கம் இல்லை, மூன்றாவது மணியில் நெற்றி, மூக்குத் துண்டுகளில் தெளிவான கறை, கன்னத்தில் லேசாக ஒரு புள்ளி. அப்படியென்றால் அன்று நீங்கள் கண்ட 'வறட்சி' முழுவதும் பழைய ஃபேஸ் வாஷும் டோனரும் செய்த வேலை. கன்னம் சாதாரணமானது, நடுமுகம் எண்ணெய்ப் பசை உள்ளது. உங்களுக்குக் கெட்டியான எதுவும் எங்கேயும் தேவையில்லை.

இரண்டாவது, அரை மணியில் சிரிக்கும்போது கன்னம் இழுக்கிறது, மூன்றாவது மணியிலும் கன்னத் துண்டு காய்ந்தே இருக்கிறது, நெற்றியும் மூக்கும் மட்டும் கறை படிந்திருக்கின்றன. இதுதான் கலப்புச் சருமம். கன்னத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கொழுப்பு வேண்டும், நெற்றிக்கு வேண்டாம். ஒரே பாட்டிலால் இரண்டையும் சமாளிக்க முயன்றதுதான் உங்கள் நெற்றியில் வந்த பொரிகளுக்குக் காரணமாக இருந்திருக்கும்.

மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது. அரை மணியில் கன்னம் இழுக்கிறது, ஆனால் மூன்றாவது மணியில் அதே கன்னத்தில் கறையும் இருக்கிறது. எண்ணெய் உண்டு, ஈரம் தங்குவதில்லை. இங்கே கொழுப்பைக் கொண்டுபோய் அப்பினால் பொரி வரும், 'எண்ணெய்ச் சருமத்துக்கு' என்று சொல்லி உலர்த்தினால் இழுப்பு கூடும். தேவை லேசான, கிளிசரின் மாதிரி ஈரத்தை இழுத்து வைக்கும் பொருள் உள்ள லோஷன். கூடவே கழுவும் பழக்கத்தை மாற்றினால் சில வாரங்களில் இறுக்கம் தானாகவே தளரும். அப்போது திரும்பச் சோதித்தால் முதல் வகைக்கு வந்திருப்பீர்கள்.

இந்த மூன்றில் எது வந்தாலும் 'நான் ஆயிலி', 'நான் டிரை' என்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். உங்கள் தாளில் இருப்பது ஐந்து இடங்களைப் பற்றிய ஐந்து வரிகள். கடைக்குக் கொண்டுபோக வேண்டியது அதைத்தான்.

முன்பக்க எழுத்தை விட்டுவிட்டு, பதத்தைப் பாருங்கள்

பாட்டிலின் முன்பக்கம் எழுதியிருப்பது யாருக்கு விற்க நினைக்கிறார்கள் என்பதை. சருமத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது பதம். 'ஆயில் ஃப்ரீ' என்று போட்டிருப்பதை எடுத்துப் பின்னால் படித்தால் ஐசோப்ரொப்பைல் பால்மிடேட் இருக்கலாம். அது எண்ணெய் என்ற பெயரில் வராதே தவிர, பொரி வரும் முகத்துக்கு நல்ல தோழன் இல்லை. தோல் துளையை அடைக்காது என்று சொல்லும் 'நான்-காமெடோஜெனிக்' என்ற வார்த்தைக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே சோதனை கிடையாது. அந்தக் கருத்தே முதலில் முயல்களின் காதில் பொருட்களைப் பூசிப் பார்த்ததிலிருந்து வந்தது. இருந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனால் 'ஆயில் ஃப்ரீ பக்கமே போகட்டுமா' என்ற கேள்விக்கு என் பதில், அந்த வார்த்தையைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

பதத்தில் லேசானதிலிருந்து கனமானது வரை ஜெல், லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட் என்று போகும். போகப் போகத் தண்ணீர் குறைந்து கொழுப்பு கூடும். ஆனால் இந்தப் பெயர்களையும் முழுசாக நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் க்ரீம் இன்னொரு கம்பெனியின் லோஷனைவிடத் தண்ணியாக இருக்கும். கையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

பட்டாணி அளவு எடுத்து முன்கையின் உள்பக்கத்தில் வைத்துக் கையைச் சாய்த்துப் பிடியுங்கள். உடனே ஓடினால் அது லோஷன் பக்கம், மெதுவாக நகர்ந்தால் லேசான க்ரீம், அசையாமல் உட்கார்ந்திருந்தால் கனமானது. அப்புறம் பரப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து டிஷ்யூவால் அழுத்துங்கள். கறை விழாமல் தோல் மெத்தென்று இருந்தால் நெற்றிக்கும் தாங்கும். மெல்லிய கறை என்றால் கன்னத்துக்குச் சரி. டிஷ்யூ ஒட்டிக்கொண்டு ஊடுருவித் தெரிந்தால் குளிர்கால உதட்டோரத்துக்கும் குதிகாலுக்கும். பூசியவுடன் ஜில்லென்று இருந்து, சில நொடியில் மாயமாய்க் காய்ந்து, தோல் லேசாக இழுக்கிறதா? அதில் ஆல்கஹால் அதிகமாக இருக்கலாம். ஜெல் என்றாலே எண்ணெய்ச் சருமத்துக்கு நல்லது என்று நினைத்து இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்பக்கப் பட்டியலில் முதல் ஐந்தாறு பெயர்களைப் படித்தால் போதும். அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பிறகு என்றுதான் அந்த வரிசை பொதுவாக எழுதப்படும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரலாம். தண்ணீருக்கு அடுத்தடுத்து கிளிசரின், டைமெத்திகோன் என்று வந்தால் பெரும்பாலும் லேசான பொருள். பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், ஷியா பட்டர் முன்வரிசையில் நின்றால் கனமானது. அவை கெட்ட பொருட்கள் இல்லை. பெட்ரோலேட்டம் போல ஈரத்தைத் தடுத்து நிறுத்துவது அபூர்வம். உங்கள் நெற்றிக்கு அந்தப் பதம் அதிகம், அவ்வளவுதான்.

உங்கள் முடிவு இரண்டாவது வகையாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரவில் கழுவி ஒற்றியதும், ஈரம் இன்னும் இருக்கும்போதே, கையில் கறை விடாத லோஷனைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லியதாகப் பரப்புங்கள். கன்னத்துக்கு மட்டும் மேலே லேசான க்ரீம் இன்னொரு பட்டாணி அளவு. காலையில் சன்ஸ்க்ரீனும் ஒரு பதம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். க்ரீம் பதத்தில் ஒரு சன்ஸ்க்ரீன் போட்டால், நெற்றிக்கு அதன் கீழே மாய்ஸ்சரைசர் தேவையே இல்லை. இரண்டையும் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கே பளபளக்கிறது என்றால் அது உங்கள் எண்ணெய் இல்லை, நீங்கள் பூசியது. புதுசாக வாங்கியதை முதலில் தாடை ஓரத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருட்களை ஆரம்பித்தால், பொரி வந்தால் எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாது. மூன்று வாரத்தில் உங்களுக்கு வந்ததுபோல, அடைப்பால் வரும் பொரி தெரிய வாரங்கள் ஆகும், எரிச்சலும் அரிப்பும் என்றால் சில நாளிலேயே தெரிந்துவிடும்.

பருவநிலை மாறும்போதும், ரெட்டினாய்டு மாதிரி மருந்து தொடங்கும்போதும், கருத்தடை மாத்திரை தொடங்கினாலோ நிறுத்தினாலோ, பிரசவத்துக்குப் பிறகும் தாளைப் புதுசாக எழுதுங்கள். 27 வயதில் எழுதியது 47-இல் செல்லாது.

மூக்கோரச் செதில்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் வழியும் இடத்திலேயே செதில் உரிகிறது என்றால் அதை வறட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கின் ஓரம், புருவத்தின் நடு, காதுக்குப் பின்னால், தலையில் பொடுகு என்று சேர்ந்து, அடியில் சிவந்தும் இருந்தால், செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கும் அதில் பங்கு உண்டு. அது கொழுப்பைத் தின்று வாழ்வது. செதிலைப் பார்த்துவிட்டு எண்ணெயோ கெட்டியான க்ரீமோ தடவினால், ஒரு நாள் அடங்கின மாதிரி தெரிந்துவிட்டுத் திரும்ப வரும். பூஞ்சைக்கு எதிரான மருந்து கலந்த க்ரீமோ ஷாம்பூவோ தேவைப்படும், அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடையில் தானாகக் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூச வேண்டவே வேண்டாம்.

நெற்றிப் பொரிகள் ஒரே அளவில், அரிப்போடு இருந்தாலும் அதே பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் பதத்தை மாற்றிச் சரியாவது இல்லை. முகம் முழுக்கச் சிவந்து சூடாக எரிவதும், தண்ணீர் பட்டாலே காந்துவதும், மிதமான க்ளென்சருக்கு மாறி ஒரு மாதம் ஆகியும் இழுப்பு குறையாமல் இருப்பதும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. போகும் அன்று முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள், உங்கள் தாளையும், இதுவரை பூசிய பாட்டில்கள் எல்லாவற்றின் பின்பக்கப் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.